ஈரடியும் நான்கு வரியும்

ஏழு சீர்களை நான்கும் மூன்றுமாக இரண்டடிக்குள் அடக்கும் குறள் வெண்பாவைச் சுவரொட்டியில் தீட்டப் புகும் சித்திரக்காரர், அடி என்பது செவியின் கணக்கு, வரி என்பது கண்ணின் சௌகரியம் என்ற பேதத்தை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

நம் முன்னோருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிவரும் சாசனங்களில் கல்வரி முடிந்த இடத்தில் சொல் பாதியில் நின்று அடுத்த வரியில் தொடரும். ஏட்டுச்சுவடியிலும் செய்யுட்கள் இடைவெளியின்றி ஓடும். சொல்லைப் பிரிப்பது வாசிப்பவர் குரலின் பொறுப்பு. தஞ்சை நகரம் மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசர் 1812-இல் சென்னையில் திருக்குறள் மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். அச்சு பரவப் பரவ, சீர் பிரித்து இரண்டு வரியாக நிறுத்தும் வழக்கமும் வேரூன்றியது. பேருந்திலும், 1976-இல் எழுந்த வள்ளுவர் கோட்டத்துக் கற்பலகைகளிலும் நாம் காண்பது அவ்விரு வரி அமைப்பையே.

அகலமான பலகைக்கு அது பொருந்தும். ஒடுங்கி உயர்ந்த சுவரொட்டிக்குப் பொருந்தாது. பழம்பாட்டைச் சோதனைக்கு உட்படுத்த மனமில்லாமல், மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறவாத ஆண்டை நினைந்து நானே கட்டிய குறள் ஒன்றைத் தருகிறேன்:

ஆற்றுநீர் வந்தால் வயல்விளையும் வாராக்கால்
சேற்றை நினைக்கும் நுகம்.

இதில் முதலடியின் நான்காம் சீரான ‘வாராக்கால்’ யாப்பால் மேலடியைச் சேர்ந்ததாயினும், பொருளால் கீழடிக்கு உரியது. இடம் போதாமல் கணினி தானாக மடித்தாலோ ‘வந்தால் வயல்விளையும்’ ஒரு வரியாகி, ‘நுகம்’ கடைசியில் அநாதையாய் நிற்கும். வாய்விட்டு இருமுறை படித்து, மூச்சு நிற்கும் இடத்தில் மடித்தால் இவ்வாறு அமையும்:

ஆற்றுநீர் வந்தால்
வயல்விளையும்;
வாராக்கால்
சேற்றை நினைக்கும் நுகம்.

மூன்றாம் வரி தனித்து நிற்பதால், நீர் வாராத வெறுமை கண்ணிலும் ஒரு கணம் தங்குகிறது. ‘வந்தால்’, ‘வாராக்கால்’ இரண்டும் வரி முடிவில் எதிரெதிரே நிற்பது மற்றொரு விசேஷம். ஆனால் சொல்லுக்கொரு வரியாக ஏழு வரி அமைப்பவர்கள் வெண்பாவின் ஓசையையே கொன்றுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பின்னணியில்தான் பெரிய அபாயம். கருங்கல், பனையோலை, கைக்காகிதம் ஆகியவற்றின் சொரசொரப்பைப் படமெடுத்து அதன்மேல் எழுத்தை வைக்கும்போது, கல்லின் கரும்பொட்டு ஒன்று ‘சேற்றை’யின் றகரத்துக்கு இரண்டாம் புள்ளியாகித் தோன்றும், அல்லது ‘நுகம்’ என்பதன் மகரப் புள்ளி பொட்டோடு கலந்து மறைந்து, ‘நுகம’ என்று படிக்க நேரும். ஏட்டில் புள்ளியிடாமல் எழுதியவர்கள் அதைப் படிக்கப் பழகியிருந்தார்கள். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் விரைந்து நடப்பவருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. ஆகவே எழுத்துக்குப் பின்னால் வரும் பகுதியில் மட்டும் பின்னணியை மங்கலாக்கி, பொட்டுகள் புள்ளியைவிடச் சிறியனவாக இருக்கும்படி படத்தைச் சுருக்குவது நலம். பிறகு பிரதியைச் சுவரில் ஒட்டிப் பத்தடி விலகி நின்று, செய்யுளை அறியாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் எழுத்தருகே ஏதேனும் ஒரு பொட்டு இருக்கும்.