மன்னார்க் கரையிலிருந்து சிங்களத்துக்கு: டப்பிங் பற்றிய ஒரு பார்வை

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 விசிறிகள் நிற்கின்றன. மொத்தத் திறன் 103.5 மெகாவாட். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று இந்தக் கரையை விடாமல் அறைவதால்தான் இங்கே அவற்றை நட்டார்கள். மின்சாரக்காரருக்கு வரமான அந்தக் காற்று ஒலிப்பதிவுக்காரருக்குத் தீராத தலையிடி. இந்தக் கரையில் எடுத்த தமிழ்க் காணொளி ஒன்றுக்குப் பிறகு சிங்களக் குரல் கொடுக்க முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் அந்தக் காற்றே தீர்மானித்துவிடுகிறது. டப்பிங் என்றதும் எல்லோருக்கும் ஒலிக்கூடமும் குரல் கலைஞரும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் வேலையின் பாதி, படம் பிடிக்கும்போது கரையிலேயே முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும்.

இங்கிருந்து சிங்களத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்குப் பருவம் மன்னார்க் கரைகளுக்கு வந்து வாடியடித்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்குத் தெற்கிலிருந்து சிங்களவர் திரள்திரளாக வருகிறார்கள். இங்கத்தைய கருவாடு தெற்கத்திச் சந்தைகளுக்குப் போகிறது. பார்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள், மொழிதான் இடையில் நிற்கிறது. அடியில் எழுத்து ஓட்டலாம்தான். ஆனால் கைத்தொலைபேசியின் சின்னத் திரையில், வேலை செய்துகொண்டே பார்ப்பவருக்கு, எழுத்து உதவாது.

இலங்கையில் இந்தக் கலைக்கு முன்கதை உண்டு. ஏ.வி. மெய்யப்பன் தம் கன்னட ‘ஹரிச்சந்திரா’வை 1944இல் தமிழாக்கி வெளியிட்டதை இந்திய டப்பிங்கின் தொடக்கமாகச் சொல்வார்கள். இங்கே 1951இல் வந்த ‘சங்கவுணு பிலிதுர’ என்ற சிங்களப் படம் ‘குசுமலதா’ என்ற பெயரில் தமிழ் பேசியது. அதன்பின் இந்தத் துறையை ஒரு கலையாக நிறுத்தியவர் டைட்டஸ் தொடவத்த. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின் அங்கே டப்பிங் பிரிவை வளர்த்து, வெளிநாட்டுக் கார்ட்டூன்களையும் தொடர்களையும் சிங்களக் குழந்தைகளின் சொந்தச் சொத்தாக்கியவர் அவர். அவர் அடிப்படையில் ஒரு படத்தொகுப்பாளர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’வைத் (1956) தொகுத்தவர் அவர்தான். இதில் வியப்பில்லை. டப்பிங் மொழிபெயர்ப்பாளரின் வேலை என்பதைவிடத் தொகுப்பாளரின் வேலை என்பதே பொருத்தம். வசனம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாய் மூடிய பிறகு ஒலித்தால் அது வீண்.

ஒரு காணொளியை எடுத்துக்கொள்வோம். பேசாலைக் கரையில் கருவாடு போடும் பெண் ஒருவர் எட்டு நிமிடம் தம் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். கைத்தொலைபேசியில் எடுத்தது. அவர் குரலும், அலையும், காற்றும், பின்னால் போகும் படகு எஞ்சினும் ஒரே ஒலித்தடத்தில் கலந்து கிடக்கின்றன. சிங்களக் குரலை வைக்க வேண்டுமானால் தமிழ்க் குரலை எடுக்க வேண்டும். குரலை எடுத்தால் கூடவே அலையும் போய்விடும். மிஞ்சுவது பிணம் போன்ற அமைதி. அதன்மேல் ஒரு சிங்களக் குரல் பேசினால், திரையில் கடல் ஆடும், காதில் அறை கேட்கும். பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

சினிமாக்காரர்கள் இதற்காகத்தான் வசனத்தைத் தனியாகவும், இசையையும் சுற்றொலியையும் தனியாகவும் வைத்துக்கொள்கிறார்கள். பிறமொழிக்கு விற்கும்போது இரண்டாவதை அப்படியே கொடுத்தால் போதும், வாங்கியவர் குரலை மட்டும் சேர்த்துக்கொள்வார். தொலைபேசியில் படம் பிடிப்பவருக்கும் இதே வசதி கிடைக்கும். பேசுபவரின் சட்டையில் ஒரு சிறு மைக்கைக் குத்தி, அதன்மேல் காற்றைத் தடுக்கும் ரோம உறையைப் போட வேண்டும். பேச்சு முடிந்த பிறகு, அதே இடத்தில், அதே திசையில் நின்று, யாரும் வாய் திறக்காமல் இரண்டு நிமிடம் கரையின் ஒலியை மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொழிலில் இதை ஆம்பியன்ஸ் என்பார்கள். மீன் கொட்டும் சத்தம், உப்பு தேய்க்கும் சத்தம், பாயை உதறும் சத்தம் ஆகியவற்றையும் மைக்கைக் கிட்ட வைத்துத் தனித்தனியே எடுத்துவைத்தால் டப்பிங்கில் பாதிக் கவலை தீர்ந்தது. உறை இல்லாமல் காற்று நேராக மைக்கில் அடித்து ஒலி உடைந்திருந்தால், எந்த மென்பொருளாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

அப்படி எடுத்துவைக்கவில்லையா? அப்போது வாயசைவோடு பொருத்துவதை விட்டுவிட்டு வாய்ஸ் ஓவர் செய்வதே நேர்மை. தமிழ்க் குரல் ஒன்றிரண்டு விநாடி முழுதாகக் கேட்கட்டும். பிறகு அது தணிய, அதன்மேல் சிங்களம் ஏறட்டும். தமிழ் முடிவதற்குச் சற்று முன்பே சிங்களம் நின்றுவிட்டால், கடைசித் தமிழ்ச் சொல் மீண்டும் மேலே வரும். பேசுபவர் யாரென்று கேட்பவர் இழக்கமாட்டார். காணாமற்போனோரின் தாய்மார் பேசும் சாட்சியங்களுக்கு ஆம்பியன்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் இந்த முறையையே சொல்வேன். அந்தக் குரலை முழுதாக அகற்றி இன்னொருவரை நடிக்க வைப்பது சரியாகத் தோன்றவில்லை.

இனி வசனம். தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போவோருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. இரண்டிலும் வினை கடைசியில் வரும். கருவாட்டுக்காரப் பெண் வலையைக் காட்டி, பிறகு மீனைக் காட்டி, “இந்த வலையில பட்ட மீன்தான் இது” என்கிறார். சிங்களத்தில் அது “மே தெலட்ட அஹுவுண மாளு தமய் மே”. முதலில் வலை, பிறகு மீன். விரல் போகும் வழியிலேயே சொல்லும் போகிறது. இதையே ஆங்கிலமாக்கினால் மீன் முதலில் வந்துவிடும், வலை பின்னால் தள்ளப்படும். விரல் ஒன்றைக் காட்ட வாய் இன்னொன்றைச் சொல்லும். அங்கே வாக்கியத்தையே இரண்டாக உடைத்து எழுத வேண்டும்.

அடுத்தது அசையும் உதடும். “இண்டைக்குக் கடல் சரியில்ல” என்று அவர் கமராவை நெருங்கிச் சொல்கிறார். ஒன்பது அசை. இதைக் கேட்டதும் கை தானாக எழுதுவது “அத முஹுத ஹொந்த நே”. எட்டு அசை, நீளம் சரிதான். ஆனால் ‘மு’வுக்கு உதடு மூட வேண்டும். திரையில் அந்தப் பெண்ணின் உதடு அந்த வாக்கியத்தில் ஓரிடத்திலும் மூடவில்லை. ப, ம போன்ற உதட்டெழுத்துகள்தான் டப்பிங்கில் முதலில் காட்டிக்கொடுப்பவை. மற்றவற்றைக் கண் மன்னித்துவிடும். எனவே “அத ரெல்ல ஹரி செரய்”, அதாவது இன்றைக்கு அலை சரியான கடுமை, என்று மாற்றலாம். அதுவும் எட்டு அசை, உதடு மூடும் எழுத்து ஒன்றும் இல்லை. ‘கடல்’ என்ற சொல் போய்விட்டதே என்று மொழிபெயர்ப்பாளர் வருந்துவார். பின்னால் கடல் தெரிகிறதே, போகட்டும். இந்தக் கணக்கெல்லாம் முகம் கிட்டத் தெரியும் காட்சிக்கு மட்டுமே. முதுகைக் காட்டிப் பேசும்போதும், தூரத்தில் நிற்கும்போதும், நீளம் ஒத்தால் போதும்.

எந்தச் சிங்களம் என்பதும் முக்கியம். எழுத்துச் சிங்களத்துக்கும் பேச்சுச் சிங்களத்துக்கும் இடையே உள்ள தூரம், நம் செய்தித் தமிழுக்கும் கரைத் தமிழுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைந்ததல்ல. எழுத்தில் வினை எழுவாயோடு ஒத்துப் போகும், பேச்சில் அந்த ஒப்பு இல்லை. எழுத்து நடையில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் கருவாட்டுக்காரப் பெண் திடீரென்று செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார். வசனத்தைப் பதிவுக்கு முன் நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவதே நல்ல சோதனை. அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கே திருத்த வேண்டும்.

குரல் பதிவுக்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. ஆனால் சுவர் எதிரொலி இருக்கக் கூடாது. வெட்டவெளியில் எதிரொலி கிடையாது. ஆகவே அறையின் எதிரொலி ஒட்டிய குரலைக் கடற்கரைப் படத்தில் வைத்தால் உடனே அகப்பட்டுவிடும். மெத்தையும் போர்வையும் சுற்றிய ஒரு மூலை, நிறுத்திய மின்விசிறி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக். இவ்வளவு போதும். ஒரே மூச்சில் எட்டு நிமிடமும் பேச வைக்கக் கூடாது. ஐந்து, பத்து விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பேச வைப்பார்கள். ஃபிலிம் காலத்தில் அந்தத் துண்டை வளையமாக ஒட்டி ஓட்டியதால்தான் இன்றும் அதற்கு லூப் என்று பெயர். படகிலிருப்பவரைக் கூப்பிடும் இடத்தில் கலைஞரும் உண்மையாகவே கத்த வேண்டும். மெதுவாகப் பேசியதன் சத்தத்தைப் பிறகு கூட்டினால் அது கத்தலாகாது.

எல்லாம் முடிந்து கலவை செய்த பிறகும் ஒரு பிசகு அடிக்கடி நேரும். தொடக்கத்தில் வாயும் குரலும் கச்சிதமாக இருக்கும், முடிவில் விலகிப் போயிருக்கும். காரணம் பெரும்பாலும் படத்தின் வேகம். இலங்கைத் தொலைக்காட்சியின் வழக்கம் விநாடிக்கு 25 சட்டகம். யாராவது அதை 24 என்று வைத்து ஏற்றுமதி செய்தால், சட்டகம் குறையாமல் ஓட்டம் மட்டும் தாமதித்து, எட்டு நிமிடப் படம் 20 விநாடி நீண்டுவிடும். தொலைபேசிகள் வெளிச்சத்துக்கேற்ப வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் முதலில் படத்தை ஒரே நிலையான வேகத்துக்கு மாற்றி, அதை வைத்தே குரல் பதிவைத் தொடங்க வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் உதட்டெழுத்து வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ஒரே அளவு விலகல் என்றால் தடத்தை நகர்த்தினால் தீரும். விலகல் கூடிக்கொண்டே போனால் வேகத்தில் பிழை. நகர்த்தித் தீராது.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை டப் செய்யப் பலருக்குக் கை துறுதுறுக்கும். பாட்டின் தாளத்தில்தான் கயிறு வருகிறது. அதன்மேல் வேறு பாட்டை வைத்தால் கைகளும் குரலும் சண்டை போடும். அங்கே தமிழையே விட்டு, அடியில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதினால் போதும்.

வெளியிடும் வழிகள் இப்போது இரண்டு. 2023 பெப்ரவரியில் யூடியூப் ஒரே காணொளியில் பல மொழி ஒலித்தடங்களைச் சேர்க்கும் வசதியைப் பரவலாக்கத் தொடங்கியது. அதற்கு முன் மிஸ்டர்பீஸ்ட் போன்ற பெரும் படைப்பாளிகள் ஸ்பானிய மொழிக்கென்று தனி அலைவரிசையே நடத்தி வந்தார்கள். ஒரே காணொளியில் சேர்த்தால் பார்வைகள் சிதறாது. ஆனால் நம் கரையில் காணொளி பயணப்படுவது அதிகமும் வாட்ஸ்அப் வழியாக. இரண்டு தடம் உள்ள கோப்பை அனுப்பினால் அங்கே பெரும்பாலும் முதல் தடமே ஒலிக்கும், பெறுபவருக்குத் தேர்வு கிடைக்காது. ஆகவே யூடியூப்புக்கு ஒன்றாகவும், கைமாற்றிப் பகிரச் சிங்களத்துக்கென்று தனிக் கோப்பாகவும் வைப்பது நடைமுறைக்கு ஏற்றது. தலைப்பும் முகப்புப் படத்தின் எழுத்தும் சிங்களத்தில் இல்லாவிட்டால் குரலைக் கேட்கும்வரை யாரும் வரமாட்டார்கள்.

வேலை முடிந்ததும் தமிழ்க் குரல், சிங்களக் குரல், ஆம்பியன்ஸ், நேரக்குறியோடு கூடிய வசனத்தாள் ஆகிய நான்கையும் தனித்தனியே சேமித்து வைக்க வேண்டும். பலர் கலந்து முடித்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வேண்டும் என்று யாராவது கேட்கும்போது, ஆம்பியன்ஸுக்காக அதே பருவத்தில், அதே காற்றில், மறுபடி பேசாலைக்குப் போக வேண்டியிருக்கும்.