முடிவிலியைவிடச் சூடான படிகம்

1951-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு பர்செல், ராபர்ட் பவுண்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு தாள்சுருளில் பதிவான கோட்டை ஒரு குறுங்கட்டுரையாக வெளியிட்டார்கள். முதலில் ஒரு பக்கமாக ஒரு முகடு. அடுத்து, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பிய முகடுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. ஓரிடத்தில் முகடே இல்லை. பிறகு பழைய பக்கத்திலேயே முகடுகள் மெல்ல வளர்ந்து, தொடக்கத்தில் இருந்த உயரத்துக்கு வந்து நிற்கின்றன. முதல் முகட்டுக்கு அவர்கள் குறித்த வெப்பநிலை 300 கெல்வின். திரும்பிய முகட்டுக்குக் குறித்தது மைனஸ் 350 கெல்வின். இந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தால் எதிர்மறை வெப்பநிலையின் சுவை முழுதும் பிடிபட்டுவிடும்.

மைனஸ் என்றதும் தனிச்சுழிக்கும் கீழே போன உறைகுளிர் என்று மனம் எண்ணும். அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். தனிச்சுழிக்குக் கீழே யாரும் போகவில்லை. பர்செலும் பவுண்டும் போனது மேற்பக்கமாக.

சோதனைப் பொருள், லித்தியம் ஃபுளோரைடு படிகம். அதன் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள். காந்தப்புலத்தில் வைத்தால் ஒரு ஃபுளோரின் அணுக்கருவுக்கு இரண்டே ஆற்றல் மட்டங்கள்தான்: புலத்தோடு ஒத்து நிற்பது கீழ்மட்டம், எதிர்த்து நிற்பது மேல்மட்டம். அதற்கு மேல் ஏற இடமில்லை. காற்றில் பறக்கும் மூலக்கூறு அப்படியல்ல. எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் இன்னும் வேகமாகப் பறக்கும். இந்தக் கதை முழுக்க அந்த மேல்வரம்பில்தான் தொங்குகிறது. (லித்தியம் கருவுக்கு நான்கு மட்டங்கள். அதற்கும் வரம்பு உண்டு என்பதால் ஃபுளோரினை மட்டும் பார்த்தால் போதும்.)

அறை வெப்பநிலையில் எத்தனை கருக்கள் எந்த மட்டத்தில் இருக்கும்? அவர்களுடைய காந்தத்தின் வலிமை சுமார் 6,400 காஸ். கணக்குப் போட்டால், பத்து லட்சம் ஃபுளோரின் கருக்களில் கீழ்மட்டத்தில் இருப்பவை மேல்மட்டத்தில் இருப்பவற்றைவிட இரண்டே இரண்டு அதிகம். கிட்டத்தட்ட சரிபாதி. அந்த இரண்டு பேரின் பெரும்பான்மைதான் 300 கெல்வின். பெரும்பான்மை முற்றிலும் மறைந்து இரு மட்டங்களும் சமமானால், வெப்பநிலை முடிவிலி. இன்னும் கொஞ்சம் ஆற்றல் ஊட்டி, மேல்மட்டத்தில் இரண்டு பேர் அதிகமாகிவிட்டால்? அதே சூத்திரம் மைனஸ் 300 என்று விடை சொல்லும்.

விடை சொல்வது சூத்திரத்தின் தந்திரமா, உண்மையான வெப்பமா என்று சந்தேகிப்பது நியாயம். அதற்குப் பத்தே பத்துக் கருக்களை எடுத்து விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். பத்தும் கீழே இருக்க ஒரே வழி. ஒன்று மட்டும் மேலே இருக்க 10 வழிகள், இரண்டு இருக்க 45, மூன்று இருக்க 120, நான்கு இருக்க 210, ஐந்து இருக்க 252. அதற்குப்பின் எண்ணிக்கை வந்த வழியே இறங்கும்: ஆறுக்கு 210, ஏழுக்கு 120, எட்டுக்கு 45. இந்த வழிகளின் எண்ணிக்கையைத்தான் என்ட்ரோபி அளக்கிறது. ஆற்றல் ஏற என்ட்ரோபியும் ஏறினால் வெப்பநிலை நேர்மறை. ஆற்றல் ஏற என்ட்ரோபி இறங்கினால் எதிர்மறை. ஐந்தைத் தாண்டியதும் குறி மாறுவது இதனால்தான்.

இப்போது இரண்டு கூட்டங்களைத் தொடவிடுங்கள். முதல் கூட்டத்தில் ஏழு கருக்கள் மேலே: எதிர்மறை வெப்பநிலை. இரண்டாவதில் ஐந்து மேலே: முடிவிலி வெப்பநிலை. சேர்ந்த வழிகள் 120 பெருக்கல் 252, அதாவது 30,240. முதல் கூட்டம் ஒரு படி ஆற்றலை இரண்டாவதற்குக் கொடுத்தால் இருபுறமும் ஆறு. வழிகள் 210 பெருக்கல் 210, அதாவது 44,100. வழிகள் பெருகும் பக்கமே இயற்கை நகரும். ஆற்றல் எதிர்மறைக் கூட்டத்திலிருந்து முடிவிலிக் கூட்டத்துக்குப் பாய்கிறது. எதிலிருந்து வெப்பம் பாய்கிறதோ அதுவே சூடானது என்பதுதான் சூட்டுக்கு இலக்கணம். ஆகவே முடிவிலியைவிடச் சூடு என்பது மிகைப்பேச்சு அல்ல.

இரண்டாவது கூட்டத்தில் மூன்று கருக்கள் மட்டும் மேலே இருந்தால் இன்னும் அழகு. சாதாரண வெப்பப் பாய்ச்சலில் சூடான பொருள் வழிகளை இழக்கும், குளிர்ந்தது அதைவிட அதிகமாகப் பெறும். இங்கே கொடுப்பவருக்கும் 120 வழிகள் 210 ஆகின்றன, வாங்குபவருக்கும் 120 வழிகள் 210 ஆகின்றன. கொடுத்தும் லாபம்.

வெப்பநிலைகளின் வரிசை அப்படியானால் விசித்திரமாகத்தான் இருக்கும். பிளஸ் சுழிக்கு அருகில் தொடங்கி, 300 வழியாக முடிவிலிக்கு ஏறி, மறுபுறம் மைனஸ் முடிவிலியில் இறங்கி, மைனஸ் 300 வழியாக மைனஸ் சுழியை நெருங்கும்போது உச்சச் சூடு. இந்தத் தாவல் நெருடினால் வெப்பநிலைக்குப் பதில் அதன் தலைகீழியை, 1/T-ஐ, பாருங்கள். அது பெரிய நேர்மறை எண்ணிலிருந்து சுழி வழியாக எதிர்மறைக்குத் தடங்கலின்றி வழுக்கிச் செல்கிறது. நெருடல் அளவுகோலில்தான், இயற்கையில் இல்லை.

கருக்களை எப்படிக் கவிழ்த்தார்கள்? படிகத்தைப் பெரிய காந்தத்திலிருந்து எடுத்து, ஒரு சிறு கம்பிச்சுருளுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே சுமார் 100 காஸ் புலம். அதன் திசையை மைக்ரோ நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் திருப்பினார்கள். அந்தப் புலத்தில் ஃபுளோரின் கரு ஒருமுறை சுற்றியாட சுமார் இரண்டரை மைக்ரோ நொடி வேண்டும். புலம் திரும்பியதைக் கருக்கள் பின்தொடர நேரமில்லை; நின்ற திசையிலேயே நின்றன. நேற்றுவரை ஒத்திருந்தவை இன்று எதிரிகள். புலத்தை நிதானமாகத் திருப்பியிருந்தால் கருக்களும் கூடவே திரும்பியிருக்கும், சோதனை தோற்றிருக்கும்.

இதில் வெப்பநிலை என்ற சொல் செல்லுபடியாக இரண்டு கடிகாரங்கள் ஒத்துழைக்க வேண்டும். கருக்கள் தங்களுக்குள் ஆற்றலைப் பரிமாறிச் சமநிலை அடைய நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு நேரம் போதும். அவற்றின் ஆற்றல் படிகத்தின் அணு அதிர்வுகளுக்குக் கசிய, வலிய புலத்தில் சுமார் ஐந்து நிமிடம் ஆனது. இந்த இடைவெளியில் கருக்கூட்டம் தனக்கென ஒரு வெப்பநிலையோடு தனித்து வாழ்கிறது. அதைச் சுமக்கும் படிகம் அறைச்சூட்டில் சும்மா இருக்கிறது. கையில் எடுத்தால் சுடாது, ஏனென்றால் கருக்களிடம் உள்ள மொத்த ஆற்றல் அற்பம்.

இப்போது தாள்சுருளுக்கு வரலாம். படிகத்தை மறுபடி பெரிய காந்தத்தில் வைத்து ரேடியோ அலை செலுத்தினார்கள். கீழ்மட்டம் கனத்திருந்தால் கருக்கள் அலையை உறிஞ்சும். மேல்மட்டம் கனத்திருந்தால் அலைக்கு ஆற்றலை வழங்கும். முகடு எதிர்ப்பக்கம் திரும்பியது இந்த வழங்கலால். முகடு மறையும் இடம் முடிவிலி. கருக்கள் சூடு தணிந்து அறை வெப்பநிலைக்கு வரும் பாதை தனிச்சுழி வழியாக அல்ல, முடிவிலி வழியாகவே போகிறது என்பதற்கு ஊசி எழுதிய சாட்சி இது.

மைனஸ் 300 என்று எதிர்பார்த்த இடத்தில் ஏன் மைனஸ் 350? காந்தத்திலிருந்து காந்தத்துக்குப் போய்வருவதற்குள் பெரும்பான்மையில் ஒரு பகுதி கரைந்துவிட்டது. முகடு சற்றுச் சிறியது, கூட்டம் முடிவிலிக்குச் சற்று நெருங்கியது. அதாவது மைனஸ் 350 என்பது மைனஸ் 300-ஐவிடக் குளிர்ந்த நிலை. இதை விரல் வைத்துப் பார்க்காமல் உடனே சரியாகச் சொல்பவர்கள் குறைவு.

2014-ல் ஜோர்ன் டங்கல், ஸ்டீபன் ஹில்பர்ட் இருவரும், என்ட்ரோபியை வேறு விதமாக வரையறுத்தால் எதிர்மறை வெப்பநிலையே எழாது என்று வாதிட்டார்கள். எண்ணும் முறை பற்றிய அந்த விவாதம் நீண்டது. ஆனால் தொட்டால் ஆற்றல் எந்தப் பக்கம் பாயும் என்ற கேள்விக்கு மேலே பத்துக் கருக்களில் கிடைத்த விடை அதனால் மாறவில்லை. அதற்கு ஓராண்டு முன்பே மியூனிக்கில் ஒரு குழு பொட்டாசியம் அணுக்களை லேசர் ஒளியால் அமைத்த பின்னலில் அடைத்து, அவற்றின் இயக்க ஆற்றலுக்கும் ஒரு மேல்வரம்பு போட்டது. அப்படித்தான் சுழலும் கருக்களுக்கு மட்டுமல்லாமல், இடம்விட்டு இடம் நகரும் அணுக்களுக்கும் எதிர்மறை வெப்பநிலை வாய்த்தது. ஒன்றையொன்று ஈர்த்து நொறுங்கிச் சரிந்திருக்க வேண்டிய அந்த வாயு, சரியாமல் நின்றது.