பாதிப் பூட்டு

டாலர் குறியை எங்கே வைக்கிறார் என்று பார்த்தாலே போதும், ஒருவர் எக்செல்லில் எவ்வளவு ஊறியவர் என்று சொல்லிவிடலாம். எல்லா முகவரியிலும் இரண்டிரண்டாகப் போட்டு வைப்பவர் பயந்த சுபாவம். எங்கேயும் போடாதவர் புதுசு. ஒரு தலைப்பில் எழுத்துக்கு முன்னால் ஒன்று, இன்னொரு தலைப்பில் எண்ணுக்கு முன்னால் ஒன்று என்று ஒற்றை டாலரை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்மீதுதான் எனக்கு மரியாதை.

ஒரு நூலகம் தன் வாசகர்கள் 200 பேரிடம் கருத்துக் கேட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். B-யில் வயதுப் பிரிவு, C-யில் விரும்பிப் படிப்பது. பக்கத்தில் E3 முதல் E6 வரை நான்கு வயதுப் பிரிவுகள், F2 முதல் I2 வரை நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை. F3-இல் ஒரே ஒரு ஃபார்முலா:

```
=COUNTIFS($B$2:$B$201,$E3,$C$2:$C$201,F$2)
```

வலப்பக்கம் இழுத்து, அப்படியே கீழேயும் இழுத்தால் பதினாறு கட்டமும் நிரம்பிவிடும். பதிலிருக்கும் பகுதிகளுக்கு முழுப் பூட்டு; அதில் பேச ஒன்றுமில்லை. ரசிக்க வேண்டியது `$E3`, `F$2` இரண்டையும்தான். முதலாவது பக்கவாட்டில் நகராது, கீழே மட்டும் இறங்கும். இரண்டாவது கீழே இறங்காது, பக்கவாட்டில் மட்டும் போகும். எந்தக் கட்டத்தில் நின்றாலும் தன் இடது ஓரத்தையும் தன் தலைக்கு மேலேயும் பார்த்துக் கேள்வியை வாங்கிக்கொள்கிறது. F4 விசையை மூன்று முறை தட்டினால் முதலாவது, இரண்டு முறை தட்டினால் இரண்டாவது. கை பழகியவர்கள் எண்ணுவதில்லை. விசைச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பூட்டு பிசகினால் அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம். `$E$3` என்று போட்டிருந்தால் எல்லா வரிசையும் ஒரே எண்களைத் திரும்பச் சொல்லும். டாலரே இல்லாமல் `E3` என்று விட்டிருந்தால் முதல் நெடுவரிசை மட்டும் சரியாக வரும், அதன் வலப்பக்கம் முழுக்கப் பூஜ்யம். ஏனென்றால் G3-க்குப் போன ஃபார்முலா F3-இல் இருக்கும் எண்ணிக்கையையே வயதுப் பிரிவு என்று நினைத்துத் தேடுகிறது. `F2` என்று விட்டாலும் இதே கதைதான், ஆனால் அங்கே முதல் வரிசை மட்டும் பிழைக்கும். ஃபார்முலாவைத் திறக்காமலே, எண்கள் கிடக்கும் கோலத்தை வைத்து எந்த டாலர் விடுபட்டது என்று சொல்லலாம்.

1979-இல் வந்த விசிகால்க்கில், ஃபார்முலாவைப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு முகவரியாக நிறுத்தி, இது மாறட்டுமா, இப்படியே இருக்கட்டுமா என்று கேட்கும். பதில் அந்தப் பிரதியோடு போயிற்று; அடுத்த முறை மறுபடி கேட்கும். டாலர் வந்தபின் அந்தப் பதில் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதப்பட்டு நிற்கிறது. பத்து வருஷம் கழித்துத் திறப்பவருக்கும் எழுதியவர் மனசு புரியும்.

பிவட் டேபிள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் பிவட்மீது பகை கிடையாது. இன்னதென்று தெரியாத தரவை முதலில் புரட்டிப் பார்க்க அதைவிட வேகமானது இல்லை. ஆனால் ஒரு பதிலைத் திருத்தினால், புதுப்பிக்கச் சொல்லும்வரை அது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். யாருமே தேர்ந்தெடுக்காத பிரிவைக் காட்டவே காட்டாது. நம் அட்டவணையில் கவிதை என்ற தலைப்பை அழித்துவிட்டு வரலாறு என்று தட்டுங்கள். அந்த நெடுவரிசை முழுதும் அந்தக் கணமே வரலாற்றை எண்ணி நிற்கும். யாரும் கேட்கவில்லையா, பூஜ்யம் என்று எழுதிவிடும். கருத்துக் கணிப்பில் அந்தப் பூஜ்யம் ஒரு செய்தி.

இப்போது கைக்கு வரும் கோப்புகளைப் பார்த்தால் எரிச்சல்தான். தலைப்பு மேலே அழகாக நிறம் பூசி நிற்கிறது. ஃபார்முலாவுக்குள் போய்ப் பார்த்தால் மேற்கோள் குறிக்குள் "நாவல்" என்று இன்னொரு முறை தட்டியிருக்கிறார்கள். பதினாறு கட்டத்துக்குப் பதினாறு தனி ஃபார்முலா. யாராவது தலைப்பை மாற்றினால் பெயர் ஒன்றும் எண் ஒன்றுமாக ஆகிவிடும். பிழை என்று எந்தக் குறியும் வராது. அதோடு தலைப்புக் கட்டங்களை ஒன்றாகச் சேர்க்கும் பழக்கம் வேறு. சேர்த்த கட்டத்தின் மதிப்பு இடது மேல் மூலையில் மட்டும்தான் இருக்கும், மற்றவை காலி. `F$2` வலப்பக்கம் நகர்ந்து போய்க் காலியைப் பார்த்து நிற்கும்.

தலைப்பே கேள்வி என்றான பிறகு, தலைப்பை எழுதுவதிலும் ஒரு நாசூக்கு வேண்டும். வயதுப் பிரிவை `<18` என்று எழுதினால் COUNTIFS அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாது. 18-க்குக் குறைந்த எண்களைத் தேடக் கிளம்பிவிடும். B-யில் இருப்பதோ எழுத்து, ஆகவே பூஜ்யம். `"="&$E3` என்று கொடுத்தால் அடங்கும். `6-10` என்று தட்டினாலோ அக்டோபர் 6 ஆகிவிடும். 18 வயதுக்குக் கீழ், 6 முதல் 10 வரை என்று வார்த்தையாக எழுதுவதே என் வழக்கம். பதில் தாளிலும் அதே வார்த்தைகள்தான் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒருவர் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டுவிட்டால்தான் வேடிக்கை. C-யில் "கவிதை, கட்டுரை" என்று காற்புள்ளியோடு ஒரே கட்டத்தில் வந்து உட்காரும். உடனே `"*"&F$2&"*"` என்று நட்சத்திரம் போடச் சொல்வார்கள். போடலாம். ஆனால் நாவலுக்குப் பதில் கதை என்று தலைப்பு வைத்திருந்தால் சிறுகதை கேட்டவர்களும் அதில் வந்து விழுவார்கள். சிறுகதைக்குள் கதை இருக்கிறதே! தமிழில் இந்த ஆபத்து அதிகம். ஆண்டுக்குள் ஆண் உண்டு. நட்சத்திரத்தை நம்புமுன் தலைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

COUNTIFS எக்செல் 2007-இல் வந்தது. அதற்கு முன்னால் SUMPRODUCT-தான்:

```
=SUMPRODUCT(($B$2:$B$201=$E3)*($C$2:$C$201=F$2))
```

கொஞ்சம் மெதுவானது என்பார்கள். 200 வரியில் என்ன மெதுவைக் கண்டார்கள்? இதற்கு `<18` வெறும் எழுத்து, நட்சத்திரமும் வெறும் எழுத்து. சந்தேகமான தலைப்புகள் வரும்போது நான் இன்றும் இதற்குத்தான் போகிறேன்.

கடைசியாகக் கூட்டுத்தொகை. வலது ஓரத்திலும் அடியிலும் SUM போட்டு, இரண்டும் மூலையில் ஒத்துப்போவதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். அதே பதினாறு கட்டத்தை இரண்டு வழியாகக் கூட்டினால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? வலது ஓரத்தில் SUM-க்குப் பக்கத்திலேயே `=COUNTIF($B$2:$B$201,$E3)` போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். SUM-இல் 47, அதனருகில் 49 என்றால், அந்த வயதில் இரண்டு பேரின் பதில் எந்தத் தலைப்பிலும் சேராமல் நிற்கிறது. C-யில் அந்த வயதினரின் பதில்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று பதிலே தராமல் விட்டிருப்பார். இல்லையென்றால் கவிதைக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஓர் இடைவெளி அகப்பட்டால், அதை அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு TRIM வழியாக எல்லாவற்றையும் கழுவி, அதையே எண்ணச் சொல்லுங்கள். நாளை வரும் பதில்களும் கையாலேதான் தட்டப்பட்டு வரும்.