கோஷி–ரீமன் சோதனை: எதுவரை நம்பலாம்?

ஒரு கலப்பெண் சார்பு பகுமுறைச் சார்புதானா என்று கேட்டால், கல்லூரி நோட்டுகளில் விடை பெரும்பாலும் நாலு வரியில் முடிந்துவிடும். f = u + iv என்று பிரிப்பார்கள்; பகுதி வகைக்கெழுக்களை எடுப்பார்கள்; u_x = v_y, u_y = −v_x என்று ஒத்துவந்தால் ‘ஆம்’ என்று எழுதிவிடுவார்கள். இந்தச் சுருக்கம்தான் முறையின் பலம். அது கேட்காமல் விடும் கேள்விகளும் அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் பலத்தைப் பார்ப்போம். ஒரு புள்ளியில் வகைக்கெழு இருக்க வேண்டுமானால், அந்தப் புள்ளியை எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் வகுத்தல் விகிதம் ஒரே எல்லையை அடைய வேண்டும். திசைகளுக்கோ முடிவில்லை. x அச்சுக்கு இணையாக வந்தால் u_x + i v_x கிடைக்கிறது. y அச்சுக்கு இணையாக வந்தால் v_y − i u_y. இரண்டும் சமம் என்று சொல்வதுதான் கோஷி–ரீமன் சமன்பாடுகள். ஆகவே இவை பொய்த்தால் வகைக்கெழு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

மெய்த்தால்? அங்கேதான் நிதானம் வேண்டும். f = √|xy| என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளிலும் அதன் மதிப்பு 0. எனவே ஆதிப்புள்ளியில் நான்கு பகுதி வகைக்கெழுக்களும் 0. சமன்பாடுகள் பழுதில்லாமல் பொருந்துகின்றன. ஆனால் x = y = t என்ற மூலைவிட்டத்தில், t நேர்மதிப்பாகக் குறைந்துகொண்டே வந்தால், விகிதம் t/(t + it) = 1/(1 + i). அச்சுகளில் 0, மூலைவிட்டத்தில் வேறு. வகைக்கெழு இல்லை. காரணத்தையும் கண்டுபிடிக்கலாம்: x, y இரண்டும் நேர்மதிப்பாக இருக்கும் பகுதியில் u_x = ½√(y/x). மூலைவிட்டத்தில் அது எப்போதும் ½. x அச்சில் 0. ஆதிப்புள்ளியில் தொடர்ச்சி அறுந்துபோகிறது. பகுதி வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருந்தால் இரண்டு திசைகளின் சாட்சி எல்லாத் திசைகளுக்கும் செல்லும்.

இன்னொரு சறுக்கல், புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் குழப்புவது. |z|² = x² + y² என்பதற்கு v = 0; சமன்பாடுகள் 2x = 0, 2y = 0 என்றாகின்றன. ஆதிப்புள்ளியில் வகைக்கெழு உண்டு, வேறெங்கும் இல்லை. பகுமுறைத் தன்மைக்கு ஒரு புள்ளி போதாது. அதைச் சுற்றி ஒரு சிறு வட்டு முழுவதும் வகைக்கெழு வேண்டும்.

இனி ஹார்மோனிக் இணை. u மட்டும் கொடுத்திருக்கிறார்கள், v வேண்டும். v_y = u_x என்பதை y-ஐப் பொறுத்துத் தொகையிட்டு, மாறிலிக்குப் பதில் φ(x) சேர்த்து, அடுத்த சமன்பாட்டால் φ-ஐக் கண்டுபிடிக்கிறோம். இந்த முறை ஒருவகைத் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும். u = x² + y² என்று எடுத்தால் v = 2xy + φ(x); அடுத்த வரியில் φ′(x) = −4y என்று வருகிறது. x-ஐ மட்டும் சார்ந்த ஒன்றில் y எப்படி நுழைந்தது? u லாப்லாஸ் சமன்பாட்டை நிறைவு செய்யவில்லை என்று அர்த்தம்.

ஆனால் இன்னொரு வகைத் தவறில் முறை வாயே திறக்காது. u = ½ log(x² + y²) என்பது ஆதிப்புள்ளியை நீக்கிய தளம் முழுவதும் ஹார்மோனிக். u_x = x/(x² + y²); தொகையிட்டால் v = arctan(y/x) + φ(x). அடுத்த சமன்பாடு φ′ = 0 என்கிறது. கணக்கு முடிந்துவிட்டதுபோல் தெரிகிறது. ஆனால் y அச்சில் இந்த v உடைகிறது. (0, 1) புள்ளியை வலப்பக்கமிருந்து நெருங்கினால் π/2, இடப்பக்கமிருந்து நெருங்கினால் −π/2. இடப்பாதியில் π கூட்டி ஒட்டவைக்கலாம். அப்போது (0, −1)-இல் வலப்பக்கம் −π/2, இடப்பக்கம் 3π/2. மேலே அடைத்த விரிசல் கீழே 2π ஆக வளர்ந்து நிற்கிறது. எந்த மாறிலியைச் சேர்த்தாலும் இரண்டு இடமும் ஒருசேரச் சரியாகாது.

குறை சூத்திரத்தில் இல்லை, களத்தின் வடிவத்தில் இருக்கிறது. துளையில்லாத களத்தில் ஹார்மோனிக் சார்பு எதற்கும் இணை உண்டு. துளை இருந்தால், அதைச் சுற்றிவரும் மூடிய பாதையில் −u_y dx + u_x dy என்பதைத் தொகையிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே அலகு வட்டத்தில் 2π வருகிறது. அதுதான் மேலே கண்ட விரிசல். அதே களத்தில் u = x/(x² + y²) என்று எடுத்தால் தொகை 0; −y/(x² + y²) என்ற இணை தடையின்றிக் கிடைக்கிறது, ஏனென்றால் இது 1/z-இன் மெய்ப்பகுதி. துளை இருப்பதே தடை அல்ல. சுற்றிவந்தால் மிச்சம் விழுகிறதா என்பதே கேள்வி.

ஆகவே சமன்பாடுகள் பொருந்துகின்றன என்று எழுதுவதோடு நிறுத்தினால் விடை பாதிதான். வகைக்கெழுக்கள் எந்தத் திறந்த களத்தில் தொடர்ச்சியானவை, அந்தக் களத்தில் துளை உண்டா, உண்டென்றால் சுற்றுத்தொகை என்ன என்பதையும் எழுதினால்தான் மறுபாதி நிறையும். log கணக்கில் “v = arctan(y/x) + c” என்பதன் பக்கத்தில் “x > 0” என்ற குறிப்பு இருந்தால் அது சரியான விடை; இல்லையென்றால் தவறு.