நாயனத்தைக் கேட்பது எப்படி?

நாகஸ்வரத்தை நாம் கேட்காத கல்யாணம் கிடையாது. ஆனால் அதற்கென்று உட்கார்ந்து காது கொடுத்தவர்கள் குறைவு. அந்த வாத்தியத்தை மூன்று இடங்களில் சந்திக்கிறோம்: ஒலிப்பதிவில், கச்சேரியிலோ கோயில் புறப்பாட்டிலோ, நம் வீட்டு விசேஷத்துக்கு ஒரு செட்டை ஏற்பாடு செய்யும்போது. ஒவ்வோர் இடத்திலும் கவனிக்க வேண்டியது வேறு.

பதிவில்: மூச்சைக் கேளுங்கள்

பலருக்கும் தெரிந்த பதிவிலிருந்து தொடங்கலாம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’ பாடலில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் சேர்ந்து வருகிறது. ராகம் ஆபேரி. குரலும் நாயனமும் ஸ்வரங்களை மாற்றி மாற்றிச் சொல்லும் இடத்துக்குப் போங்கள். குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அதே வளைவை நாயனமும் எடுப்பதைக் கவனியுங்கள்.

அது எப்படி முடிகிறது? நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். ஒரு துளையை முழுவதும் மூடலாம், முழுவதும் திறக்கலாம், விரலைச் சற்றே விலக்கிப் பாதியாகவும் திறக்கலாம். அதோடு சீவாளியை உதடு கவ்வும் அழுத்தமும் காற்றின் வேகமும் சேர்ந்துதான் ஸ்வரத்தின் சரியான இடத்தைத் தீர்மானிக்கின்றன. விரல் ஒரே இடத்தில் இருக்கும்போதே மூச்சைக் கூட்டிக் குறைத்து ஸ்வரத்தை ஏற்றி இறக்க முடியும். அதனால்தான் இந்த வாத்தியத்தில் கமகம் இவ்வளவு இயல்பாக வருகிறது. சுருதி பிசகுவதும் அதே காரணத்தால்தான் எளிது.

நல்ல வாசிப்பை அடையாளம் காண, வேகமான பிருகாக்களை விட்டுவிட்டு நீண்ட கார்வையைக் கேளுங்கள். மேல் ஸட்ஜத்தில் நிற்கும்போது நாதம் ஆடாமல், பிசிறு தட்டாமல், தொடங்கிய கனத்தோடு கடைசிவரை நிற்கிறதா? பிறகு வாசிப்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பாருங்கள். தேர்ந்த வித்வான் சொல்ல வந்த சங்கதியை முடித்துவிட்டுத்தான் மூச்சு எடுப்பார். பாதியில் அறுக்க மாட்டார்.

ஒலிப்பதிவு நாதத்தைக் காட்டும். நிதானத்தை எல்லாச் சமயமும் காட்டாது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை தோடிக்குப் பேர்போனவர். அவர் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கக்கூடியவர் அதை அந்த நேரத்துக்குள் சுருக்கித் தர வேண்டியிருந்தது. ஆகவே பழைய தட்டுகளில் நாதத்தையும் சங்கதிகளின் அமைப்பையும் கேளுங்கள். ராகம் மெல்ல விரிவதைக் கேட்க நேரில்தான் போக வேண்டும்.

நேரில்: தூரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாகஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்காக உருவானவை. முன்வரிசையில், அதிலும் தவிலுக்கு நேரே உட்கார்ந்தால், தவில் நாயனத்தை விழுங்கிவிடும். இருபது முப்பது அடி தள்ளி, நாயனத்தின் வாய் நோக்கும் திசையில் இடம் பிடியுங்கள். கோயில் பிராகாரம் என்றால் இன்னும் விலகியே நிற்கலாம். சீவாளியின் கூர்மை தணிந்து, நாதம் உருண்டு வரும் தூரம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று இடம் மாறி நின்றால் அது பிடிபட்டுவிடும்.

முதலில் கேட்கத் தகுந்தது மல்லாரி. சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படும் இதற்குச் சாகித்தியம் இல்லை. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் இருக்கும். அந்த ராகத்துக்கு ஸ, க, ம, ப, நி என்று ஐந்தே ஸ்வரங்கள். ரிஷபமும் தைவதமும் இல்லாததால் ஸ்வரங்களுக்கு இடையே தாண்டல் பெரிதாக இருக்கிறது. ராகத்துக்கு அந்த மிடுக்கு அதனால் வருகிறது.

ஆதி தாளத்தில் அமைந்த ஒரு மல்லாரி என்று வைத்துக்கொள்வோம். கையில் எட்டு எண்ணிக்கை போட்டுக்கொண்டே இருங்கள். மெட்டு முதலில் நிதானமாக வரும். அடுத்த காலத்தில் அதே மெட்டு இரட்டிப்பு வேகத்தில் வரும். முன்பு ஒரு தடவை அடங்கிய இடத்தில் இப்போது இரண்டு தடவை அடங்கும். மூன்றாம் காலத்தில் நான்கு தடவை. உங்கள் கை மட்டும் வேகம் மாறக் கூடாது. மாறினால் தாளம் போடுபவரின் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்டு தொடங்கும் எடுப்பு ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து விழுவதை உணர்ந்துவிட்டால், மல்லாரியின் முக்கால்வாசி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

பிறகு தவிலுக்கு வாருங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார்கள். இடது கையில் கழி. வலந்தலையின் வெட்டும் சொற்களையும் தொப்பியின் கனத்த அடியையும் தனித்தனியாகக் கேட்கப் பழகுங்கள். நாயனம் கார்வையில் நிற்கும்போது நல்ல தவில்காரர் சொற்களைக் குறைத்து இடம் விடுவார். அந்த விட்டுக்கொடுத்தல் தெரிந்தால் அந்த செட் நெடுநாள் சேர்ந்து வாசித்தது என்று ஊகிக்கலாம்.

எங்கே கேட்பது? மார்கழியில் சென்னை சபாக்களின் மங்கல இசை, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை, சிதம்பரத்தின் ஆனி, மார்கழித் திருவிழாக்கள். உங்கள் ஊர்க் கோயில் பிரம்மோற்சவத்துக்கு யார் வாசிக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

ஏற்பாடு செய்யும்போது: நேரம் கொடுங்கள்

கல்யாணத்துக்குப் பேசப் போகும்போது மாதிரிப் பதிவு கேட்டால், சினிமாப் பாட்டு வேண்டாம். ஒரு ராக ஆலாபனை அனுப்பச் சொல்லுங்கள். எதிரொலி சேர்த்த பதிவு மூச்சையும் பிசிறையும் மறைத்துவிடும். கச்சேரியில் எடுத்த சாதாரணப் பதிவே போதும். அதில் மேலே சொன்ன கார்வையைத் தேடுங்கள்.

பிறகு செட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் என்றால் முழு செட். ஆளைக் குறைத்துப் பணம் மிச்சம் பிடித்தால், மாற்றி வாசிக்க ஆளில்லாமல் ஒருவரே முகூர்த்தம் முழுவதும் ஊத வேண்டியிருக்கும். உதடு தளர்ந்ததும் சுருதி இறங்கும். அது கெட்டி மேளத்துக்கு முன்பே நடந்துவிடக்கூடும்.

மண்டபத்தில் இரண்டு விஷயம். நாயனத்தின் வாயருகே மைக்கை ஒட்டி வைக்கச் சொல்லாதீர்கள்; இரண்டு மூன்று அடி தள்ளி இருக்கட்டும். சின்ன மண்டபத்தில் தவிலுக்கு மைக்கே தேவையில்லை. ஏசிக் காற்று நேராக வீசும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். சீவாளி நாணல் தட்டையில் செய்தது. ஈரம் காய்ந்தால் விறைத்துப் பேச மறுக்கும். அவர்கள் அடிக்கடி சீவாளியை வாயில் வைத்து நனைப்பதும், கயிற்றில் கோத்து வைத்திருக்கும் இன்னொன்றை மாற்றுவதும் இதற்காகத்தான்.

முகூர்த்த வேளையில் சடங்குக்கு ஏற்ப நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்க முடியும். ஆகவே முதல் நாள் மாலை, ரிசப்ஷன் கூட்டம் சேருமுன் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வேறு பாட்டு எதுவும் ஒலிக்கக் கூடாது. நாற்காலிகளை மேடையைப் பார்த்துப் போடுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே, “அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கல்யாணியோ பூர்விகல்யாணியோ விஸ்தாரமாக வாசிக்க வேண்டும், நாங்கள் உட்கார்ந்து கேட்கப் போகிறோம்” என்று சொல்லிவிடுங்கள். வரவேற்பு வாசலில் ஓசைக்காக நிறுத்தப்படும் வித்வான்கள், கேட்பவர் உண்டு என்று தெரிந்தால் அதற்குத் தக்க சீவாளியோடும் தவில்காரரோடும் வருவார்கள்.