சாய்ந்த குரூப் போட்டோவும் 12-க்கு 8 பிரேமும்: இரண்டு ஆப்களில் எது கையை வெட்டாது?

புளியந்தோப்பில் பெரம்பூர் பேரக்ஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் பதினாறு பேரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமென்றால், எடுப்பவருக்குப் பின்னால் நகர இடம் இருக்காது. நாலு அடி போனால் எதிர்வீட்டுப் படிக்கட்டு. அதனால் போனில் 0.5 லென்சைத் தட்டுகிறார்கள், அல்லது ஸ்கூட்டர் சீட்டில் போனைச் சாய்த்து வைத்து டைமர் போடுகிறார்கள். எல்லோரும் படத்துக்குள் வந்துவிடுகிறார்கள். ஆனால் ஓரத்து ஆள்கள் விளிம்பை ஒட்டி நிற்பார்கள், படமும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்தப் போகும்போதுதான் யாரோ ஒருவரின் கை போகிறது.

நான் எடுத்துப் பார்த்த படம் ஒரு தெருக் கால்பந்து அணியுடையது. பின்வரிசையின் இடது கோடியில் நெட்டையான கோல்கீப்பர் கப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். முன்வரிசையின் வலது கோடியில் ஒரு சின்னப் பையன் குந்தி உட்கார்ந்து கையைத் தரையில் ஊன்றியிருக்கிறான். படம் வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 12-க்கு 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, பிரேம் மாட்டித் தர வேண்டும். அணியில் ஒருவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, கப்பு கட் ஆவாம பாத்துக்கோங்க." இதே படத்தை கூகுள் போட்டோஸிலும் ஸ்னாப்சீட்டிலும் நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டும் இலவசம்.

முதலில், எதைப் பார்த்து நிமிர்த்துவது? பெரும்பாலானவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்தில் தரையை நம்பக் கூடாது. சாலையை மேல் மேலாகப் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள், தண்ணீர் வடியச் சரிவு வைத்திருக்கிறார்கள், கால்வாயை மூடியிருக்கும் சிலாப்கள் ஒன்றுக்கொன்று மட்டம் இல்லை. போதாததற்கு, எடுத்தவர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நின்றிருந்தால், மட்டமான தரைக்கோடுகூடப் படத்தில் சரிந்துதான் விழும். கயிற்றில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரும் அப்படித்தான், நடுவில் தொங்கும். மின்கம்பம் நிஜத்திலேயே சாய்ந்திருக்கலாம். நம்பக்கூடியது சுவரின் செங்குத்து மூலை, கேட்டின் தூண், கதவு நிலை. கே.பி. பார்க் பக்கம் எடுத்த படமென்றால் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூலையே போதும். கேலரி ஆப்களின் ஆட்டோ பட்டன் படத்தில் எந்தக் கோடு அழுத்தமாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அது பேனரின் அடிவிளிம்பாக இருந்தால், பேனர் மட்டமாகி ஆள்கள் சாய்ந்துபோவார்கள். ஆட்டோவைத் தட்டிய பிறகு எதன் மேல் மட்டம் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு செங்குத்துக் கோடும் போதாது, இரண்டு பக்கமும் ஒன்று வேண்டும். என் படத்தில் இடது ஓரத்தில் ஒரு கேட் தூண், வலது ஓரத்தில் ஒரு சுவர் மூலை. திருத்தும் திரையில் தோன்றும் கட்டக்கோடுகளோடு தூண் ஒத்துப்போகும் வரை சுழற்றினேன், ஏறக்குறைய 5 டிகிரி. சுவர் மூலை ஒத்துப்போகும் வரை சுழற்றினால் 2 டிகிரிதான். இரண்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம், போன் பக்கவாட்டில் சாய்ந்ததோடு அண்ணாந்தும் பார்த்திருக்கிறது. சீட்டில் சாய்த்து வைத்தால் அப்படித்தான் ஆகும். அண்ணாந்து எடுத்த படத்தில் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக உள்பக்கம் நெருங்கும். பக்கவாட்டுச் சாய்வு இரண்டு கோணங்களின் சராசரி, அதாவது மூன்றரை டிகிரி. அவ்வளவு சுழற்றினால் மீதி ஒன்றரை டிகிரி இரு பக்கமும் சமமாக உள்நோக்கி நிற்கும். அதை நான் அப்படியே விட்டேன். ஸ்னாப்சீட்டின் Perspective கருவியால் சரிசெய்யலாம்தான், ஆனால் அது படத்தின் மேல்பகுதியை அகலமாக்கும். பின்வரிசைக்காரர்களின் முகம்தான் அங்கே இருக்கிறது. சமமாக உள்ள உள்சாய்வு கண்ணை உறுத்தாது, அகன்ற முகம் உறுத்தும்.

இனி வெட்டு. செவ்வகமான படத்தைச் சுழற்றினால் நான்கு மூலையிலும் காலி முக்கோணம் வரும், அதை ஒழிக்க ஆப் ஓரங்களை வெட்டும். குரூப் போட்டோவில் எந்த மூலை ஆபத்து என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வலப்பக்கம் சாய்ந்த படத்தில் மேல் இடது மூலையும் கீழ் வலது மூலையும் பக்கவாட்டில் அதிகம் இழக்கும். மற்ற இரண்டு மூலைகள் உயரத்தில் இழக்கும், அங்கே பெரும்பாலும் வெறும் சுவரோ வெறும் தரையோதான் இருக்கும். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இதை அப்படியே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். என் படத்தில் மேல் இடது மூலையில் கப்பு, கீழ் வலது மூலையில் பையனின் ஊன்றிய கை. ஆபத்தான இரண்டு இடங்களிலும் ஆள்கள் இருக்கிறார்கள்.

இரண்டு ஆப்களும் பிரிவது இங்கேதான். ஸ்னாப்சீட்டில் Rotate தனிக் கருவி, Crop தனிக் கருவி. Rotate-இல் நிமிர்த்தி டிக் அடித்ததும், படத்தின் பழைய 4:3 வடிவத்திலேயே உள்ளே அடங்கக்கூடிய பெரிய செவ்வகத்தை அது வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். 4000-க்கு 3000 பிக்சல் படம் மூன்றரை டிகிரிக்கு 3705-க்கு 2779 ஆகும். பிறகு Crop-இல் 12-க்கு 8-க்கான 3:2 வடிவத்தைக் கொடுத்தால் மேலும் கீழும் இன்னொரு முறை வெட்டி 3705-க்கு 2470 மிஞ்சும். முதல் வெட்டில் 4:3-ஐக் காப்பாற்றுவதற்காக அகலத்தைக் கொடுத்தோம், இரண்டாவது வெட்டில் அந்த 4:3-ஐயே தூக்கிப் போட்டோம். அகலம் வீணாகப் போனது.

கூகுள் போட்டோஸில் வடிவமும் சுழற்சியும் ஒரே Crop திரையில் இருக்கின்றன. ஐபோனின் போட்டோஸ் ஆப்பிலும் அப்படித்தான். முதலில் 3:2-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு சுழற்றிப் பெட்டியை முடிந்தவரை பெரிதாக்கினால் கிடைப்பது 3851-க்கு 2567. ஸ்னாப்சீட் வழியைவிட 146 பிக்சல் அகலம் அதிகம். 12 அங்குலப் பிரிண்டில் இது ஏறக்குறைய அரை அங்குலம், ஒரு பக்கத்துக்குக் கால் அங்குலம். உயரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சுவதால், பெட்டிக்குள் படத்தை மேலும் கீழுமாக நகர்த்தி, தலைக்கு மேல் இடைவெளியா, பாதத்துக்குக் கீழ் இடைவெளியா என்று நீங்களே பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

கால் அங்குலத்துக்கு இவ்வளவு கணக்கா என்று தோன்றலாம். பிரேமின் உள்விளிம்பு படத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மறைக்கும் அளவும் பொதுவாக அவ்வளவுதான். ஸ்னாப்சீட்டில் நிமிர்த்திய படத்தில் கப்பின் கைப்பிடி ஓரத்தை ஒட்டி நின்றது. திரையில் முழுசாகத் தெரிந்த கைப்பிடி, பிரேம் போட்டதும் மறைந்துவிடும். கூகுள் போட்டோஸில் நிமிர்த்தியதில் கைப்பிடி மறைப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது, மயிரிழையில். ஆகவே வெட்டும்போது திரையில் தெரியும் ஓரத்தை எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரத்திலிருந்து கால் அங்குலம் மறையும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு உள்ளே இன்னொரு கால் அங்குலம் தள்ளித்தான் விரலோ தலையோ இருக்க வேண்டும். 3851 பிக்சல் அகலப் படத்தில் இந்த அரை அங்குலம் சுமார் 160 பிக்சல். அவ்வளவு இடம் இல்லையென்றால், எளிய வழி ஒன்று உண்டு: லேபில் சுற்றிலும் வெள்ளை பார்டர் விட்டுப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். பிரேம் பார்டரைத்தான் மறைக்கும், கையை மறைக்காது. கப்பு படத்துக்கு நான் செய்ததும் அதுதான்.

பிரேம் அளவைக் கடைசியில் யோசிக்கக் கூடாது. இதே படத்தை 10-க்கு 8 பிரேமுக்கு 5:4 வடிவத்தில் வெட்டினால், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 3490 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். 12-க்கு 8-ஐவிட 361 பிக்சல் குறைவு. கப்பு ஒரு பக்கம், பையனின் கை ஒரு பக்கம், இரண்டுமே போய்விடும். கோடியில் கையை நீட்டியவர்கள் இருக்கும் அகலமான குழுவுக்கு 10-க்கு 8 வாங்கி வராதீர்கள். பிரேம் கடையில் சட்டத்தை அளவுக்கு வெட்டித்தான் மாட்டுகிறார்கள். படத்தை முதலில் வெட்டி முடித்து, அந்த அளவைச் சொல்லிச் சட்டம் போடச் சொன்னால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எந்த அளவிலும் அடங்காத படத்துக்கு ஸ்னாப்சீட்டைத் திரும்ப எடுக்கலாம். அதன் Expand கருவியில் Smart-ஐத் தேர்ந்தெடுத்து, ஆபத்தான பக்கத்தை மட்டும் கொஞ்சம் இழுத்தால், பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் புதிய ஓரத்தை நிரப்பும். இதைச் சுழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அப்போதுதான் வெட்டு புதிய ஓரத்தில் விழும். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர், வானம், சிமெண்ட் தரை என்றால் நன்றாகவே நிரப்புகிறது. எழுத்து உள்ள பேனர், கம்பி கேட், அடுத்து நிற்கும் ஆள் என்றால் நம்ப வேண்டாம். விரல் இரட்டிக்கும், கேட் கம்பி பாதியில் நிற்கும். சேமிக்கும் முன் ஓரங்களைப் பெரிதாக்கி, கைவிரல்களை எண்ணிப் பாருங்கள்.

உயரத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் பாதத்தை அறுப்பதைவிட, எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் தொடையின் நடுவில் வெட்டுவது நல்லது. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகிய மூட்டுகளில் வெட்டு விழுந்தால் உறுப்பு துண்டானது போலத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இருந்தால் கீழே வெட்டவே வேண்டாம், மேலே இருக்கும் சுவரைக் குறையுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். 12-க்கு 8 பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 3600-க்கு 2400 பிக்சல் தேவை, 3851-க்கு 2567 அதைத் தாண்டுகிறது. மூலப் படத்தை அழிக்காமல் Save copy கொடுத்து நகலாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு அளவு கேட்பார்கள்.

குரூப் போட்டோவை நிமிர்த்திப் பிரேம் போட, வடிவமும் சுழற்சியும் ஒரே திரையில் இருக்கும் கூகுள் போட்டோஸையே முதலில் எடுங்கள். ஸ்னாப்சீட், ஓரத்தை நீட்ட வேண்டி வரும்போது மட்டும்.