பனி துடைக்கும் நேரம்

மார்கழி விடியலில் சென்னையின் மொட்டை மாடிக்கு ஏறினால் என் கண் முதலில் போவது சோலார் தகடுகளின் கீழ் விளிம்புக்கு. இரவெல்லாம் திறந்த வானத்துக்கு வெப்பத்தை இழந்த கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து பனித்துளி கோத்திருக்கும். தெற்கு நோக்கிச் சுமார் 13 டிகிரி சாய்ந்த தகட்டில் துளிகள் தூசியையும் இழுத்துக்கொண்டு வழிந்து, சட்டத்தின் ஓரத்தில் தேங்கும். காய்ந்ததும் அங்கே ஒரு பழுப்புப் பட்டை. விரல் அகலம்தான், ஆனால் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், கீழ் வரிசை மறைந்தால் அந்தத் தொடரின் மின்னோட்டமே குறையும். ஈரம் இருக்கும்போதே மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். வெயிலில் சூடான கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

தகடுகளின் நிழலில் வெற்றிலையும் புதினாவும் எவ்வளவு செழிப்பு! தக்காளித் தொட்டியைத் தென்கிழக்கில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே எழும் மார்கழிச் சூரியன் அதன் நிழலை நீளமாகத் தகட்டின்மேல் விரித்துவிடும்.

தொலைவில் அடுக்குமாடிகள் மங்கித் தெரிகின்றன. தரையோரக் குளிர்காற்று மேலெழாமல் புகையையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் ஏறி அது கலையும்போது இன்வெர்ட்டரின் எண் மளமளவென்று உயரும். அதைப் பார்த்து நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.